‘வரை’ என்று போட்டிருப்பதை நம்பி கேபினெட் வாங்கலாமா?

“என்னிடம் மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 336 மிமீ நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டு, பழைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நான்கு இருக்கின்றன. சிபியுவுக்கு 360 லிக்விட் கூலரை முன்பக்கம் மாட்ட ஆசை. முன்னால் டைப்-சி போர்ட்டும் வேண்டும். பார்த்து வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் கார்டு 360 மிமீ வரை, டிஸ்க் 4 வரை, ரேடியேட்டர் 360 வரை, முன்னால் டைப்-சி உண்டு என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் பொருந்தும்தானே?”

ஒவ்வொன்றாக மாட்டினால் பொருந்தும். எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் பொருந்தாது. அந்தப் பட்டியலில் வரும் ‘வரை’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கார்டுக்கு 360 மிமீ வரை என்றால், முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் இல்லாதபோது 360 மிமீ என்று அர்த்தம். டிஸ்க் 4 வரை என்றால், டிஸ்க் தட்டு மாட்டும் இடங்களை வேறு எதற்கும் பயன்படுத்தாதபோது 4. ஒவ்வொரு எண்ணும் மற்றவை இல்லாத நிலையில் அளந்த உச்சம். ஆனால் கார்டின் நுனி, ஃபேன், ரேடியேட்டர், டிஸ்க் கூண்டு எல்லாமே கேட்பது கேபினெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் அதே அரைச் சாண் இடத்தைத்தான்.

அதனால் பட்டியலை வரி வரியாகச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். கார்டிலிருந்து தொடங்குவோம். மற்றவற்றை நகர்த்தலாம், குறைக்கலாம். கார்டின் நீளத்தை எதுவும் செய்ய முடியாது.

கார்டின் நீளம் என்பது பின்பக்கம் கேபினெட்டில் திருகும் உலோகத் தகட்டிலிருந்து மறுமுனையின் பிளாஸ்டிக் ஓரம் வரை. கேபினெட் தயாரிப்பாளர் அளப்பது பின்சுவரின் ஸ்லாட் பகுதியிலிருந்து முன்னால் முதலில் இடிக்கும் பொருள் வரை. அந்த முதல் பொருள் எது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. சிலர் முன்பக்க இரும்புச் சட்டம் வரை அளக்கிறார்கள். சிலர் ஃபேனை மாட்டிவிட்டு, ஃபேனின் முகம் வரை அளக்கிறார்கள். விற்பனைப் பக்கத்தில் இது இருக்காது. தயாரிப்பாளரின் கையேட்டில், அளவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே சின்ன எழுத்தில் ‘முன் ஃபேன் இல்லாமல்’ என்றோ ‘ஃபேனுடன்’ என்றோ எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரிக்காகவாவது கையேட்டைத் தரவிறக்கிப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கேபினெட்டில் 360 என்பது இரும்புச் சட்டம் வரை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஃபேனின் தடிமன் 25 மிமீ. 360-இல் 25 போனால் 335. உங்கள் கார்டு 336. ரேடியேட்டர் பேச்சே இன்னும் எடுக்கவில்லை, வெறும் ஃபேனுக்கே 1 மிமீ இடிக்கிறது. ரேடியேட்டர் வழக்கமாக 27 மிமீயாவது தடிமன் இருக்கும். ஃபேனும் ரேடியேட்டரும் சேர்ந்தால் 52. அதைக் கழித்தால் கார்டுக்கு மிஞ்சுவது 308. கிட்டத்தட்ட 3 செமீ பற்றாக்குறை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில கேபினெட்டுகளில் முன்பக்க வலைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஃபேன் மாட்டும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். ஃபேன் அந்த வெளிப்பக்கத்தில் போய்விட்டால் உள்ளே இடம் குறையாது. படத்தில் கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஃபேனின் நாலு பக்கச் சட்டமும் முழுசாகத் தெரிந்தால் அது உள்ளே இருக்கிறது. இரும்புத் தகட்டில் வெட்டிய வட்டத்துக்குப் பின்னால் இறக்கை மட்டும் தெரிந்தால் வெளியே இருக்கிறது.

கணக்கில் கார்டின் நுனிக்கு முன்னால் 15 மிமீயாவது மிச்சம் வரும்படி பாருங்கள். ஒரே சிப்பை வைத்துச் செய்யும் கார்டுகளிலேயே நீளம் பெரிதாக மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4090-இல் என்விடியாவின் சொந்தக் கார்டு 304 மிமீ. அதே சிப்போடு வந்த ஏசூஸ் ஸ்ட்ரிக்ஸ் 357.6 மிமீ. அரைச் சாணில் பாதி அளவு வித்தியாசம். சிப்பின் பெயரை வைத்து நீளத்தைத் தேடாமல், உங்கள் பெட்டியில் இருக்கும் முழு மாடல் பெயரை வைத்துத் தேடுங்கள்.

நான் இப்போதெல்லாம் செய்வது ஒன்று உண்டு. கையில் ஏற்கெனவே இருக்கும் கேபினெட்டுக்குப் புதுக் கார்டு பொருந்துமா என்று பார்க்க, பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, கார்டின் நீளம், உயரம், தடிமன் மூன்றுக்கும் சரியாக ஒரு பெட்டி ஒட்டிக்கொள்வேன். அதை முதல் ஸ்லாட் மட்டத்தில், கார்டு நிற்பது போலவே பிடித்துப் பார்ப்பேன். கண்ணாடியை மூடிப் பார்ப்பேன். ஸ்கேலை நீட்டி அளந்தபோது 340 காட்டிய இடத்தில், அட்டைப் பெட்டி ஓரத்தில் போய் இடித்தது ஒருமுறை. டிஸ்க் கூண்டின் மடிப்பு அந்த உயரத்தில் மட்டும் 8 மிமீ உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேல் போன நேர்கோட்டில் அந்த மடிப்பு இல்லை. அதற்கு முன்னால் இந்தப் பழக்கம் இல்லாத நாளில், கூண்டைக் கழற்ற வழியில்லாமல் ரிவிட்டுகளைத் துளையிட்டு எடுத்திருக்கிறேன். இரும்புத்தூள் மதர்போர்டில் விழாமல் இருக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் மூலை மூலையாகத் துடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது.

சரி, நீளம் மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் கார்டின் தடிமனையும் பாருங்கள். இந்த நீளமுள்ள கார்டுகள் பெரும்பாலும் 60 மிமீ சுற்றி இருக்கும். கேபினெட்டின் பின்னால் இருக்கும் ஸ்லாட்டுகள் ஒவ்வொன்றும் 20.32 மிமீ இடைவெளியில் வருகின்றன. அப்படியானால் உங்கள் கார்டு மூன்று ஸ்லாட்டை அடைத்துக்கொள்ளும். மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் வழக்கமாக இருப்பதே நான்கு ஸ்லாட். கார்டு மேலிருந்து முதல் ஸ்லாட்டில் தொடங்கினால் மூன்றாவதோடு முடியும். அதற்குக் கீழே ஒரு ஸ்லாட், அதாவது 2 செமீ. அதற்கும் கீழே பவர் சப்ளையை மூடியிருக்கும் தகடு. கார்டின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருப்பதால், அவை காற்றை இழுக்க வேண்டியது அந்த 2 செமீ இடுக்கிலிருந்துதான்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. சில மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகளில் கார்டு மாட்டும் நீள ஸ்லாட் முதல் இடத்தில் இல்லாமல் இரண்டாவது இடத்தில் இருக்கும். அப்போது கார்டு நான்காவது ஸ்லாட் வரை இறங்கி, தகட்டின் மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். கணினி ஓடும், படம் வரும், ஆனால் பத்து நிமிடம் விளையாடியதும் ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போகும். காற்றுப் பற்றாக்குறைதான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதே விளையாட்டை அதே அமைப்பில் கால்மணி நேரம் ஓட்டுங்கள். மூடியிருந்தபோது வந்த வெப்பத்தைவிட 10 டிகிரி போல இறங்கினால், கார்டில் குறை இல்லை, கேபினெட்டுக்குள் காற்றுக்கு வழியில்லை.

உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயரம் என்று நான் சொல்வது கார்டு மதர்போர்டிலிருந்து கண்ணாடியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. 140 மிமீ கார்டு என்றால், அதன் தலையில் செருகும் பவர் கேபிளுக்கும் இடம் வேண்டும். 12 வோல்ட் புது வகை 16 பின் கேபிளை, செருகியிலிருந்து 35 மிமீ நேராக விட்டு அப்புறம்தான் வளைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி அதை அழுத்தி முன்னாலேயே வளைத்தால், செருகி ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு, பின்கள் சரியாகத் தொடாமல் சூடேறும். கேபினெட் பட்டியலில் இந்த உயரத்தைத் தனியாகப் போட மாட்டார்கள். சிபியு கூலர் உயரம் என்று ஓர் எண் இருக்கும். அதுதான் மதர்போர்டிலிருந்து கண்ணாடி எவ்வளவு தூரம் என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் தோராயமான அளவு. அது 160-க்குக் கீழே இருந்தால், 140 மிமீ கார்டு வைத்திருக்கும் நீங்கள் அந்தக் கேபினெட்டை விட்டுவிடலாம்.

இந்தக் காரணங்களால்தான் என் யோசனை, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டாக இருந்தாலும் ஏடிஎக்ஸ் அளவுக் கேபினெட்டைப் பாருங்கள் என்பது. ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மிமீ. உங்களுடையது அதிகபட்சம் 244க்கு 244. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு தாராளமாகப் போகும், அதற்கான துளைகள் இருக்கும். ஏழு ஸ்லாட் இருப்பதால் கார்டுக்குக் கீழே 2 செமீக்குப் பதிலாக நான்கு ஸ்லாட் இடம், அதாவது 8 செமீ கிடைக்கும். போர்டு முடிந்த பிறகு வெறும் தகடு தெரியும், அது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் உங்கள் கார்டுக்கு அந்த வெற்றிடம்தான் மூச்சு.

போர்டு மாட்டும்போது மட்டும் ஒரு கவனம். போர்டுக்கு அடியில் தகட்டில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைக் கால்களை, ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள், உங்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் வைக்க வேண்டும். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் கடைசி வரிசைத் துளைகள், ஏடிஎக்ஸின் எந்த வரிசையோடும் ஒத்துப்போகாது. அதனால் அந்த வரிசைக்குப் புதிதாகக் கால்களைத் திருக வேண்டியிருக்கும். பின்னாளில் அதே கேபினெட்டில் முழு ஏடிஎக்ஸ் போர்டு மாட்டினால், அந்தக் கால்களைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை எடுக்காமல் விட்டேன். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு துளி சுற்றி நின்றுவிடும், மறுபடி அழுத்தினால் அதுகூட இல்லை. ராம், பவர் சப்ளை, சிபியு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தபோது, துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளைக் கால் போர்டின் பின்பக்கச் சால்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் ஓடியது. நல்லவேளை, எதுவும் கருகவில்லை.

விலை குறைந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பல 244 மிமீ அகலமே இருக்காது. அவற்றில் வலப்பக்கத் துளை வரிசை இல்லாமல், அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கும். 24 பின் பவர் கேபிளைச் செருகும்போது போர்டு வளைவது கண்ணுக்கே தெரியும். போர்டின் ஓரத்துக்குப் பின்னால் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு செருகுங்கள்.

அடுத்து டிஸ்க்குகள். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ‘4 வரை’ என்ற எண்ணுக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் 147 மிமீ நீளம், 101.6 மிமீ அகலம், 26 மிமீ தடிமன் உள்ள ஓர் இரும்புக் கட்டி. இன்றைய கேபினெட்டுகளில் இதற்கென்று உண்மையான கூண்டு இருப்பது பெரும்பாலும் பவர் சப்ளைக்கு முன்னால், மூடிய தகட்டுக்கு அடியில். அதில் இரண்டு வைக்கலாம், சிலவற்றில் மூன்று. மீதி எண்ணிக்கையை எங்கே காட்டுகிறார்கள் என்றால், தகட்டின் மேலே ஒன்று, மதர்போர்டின் பின்பக்கத்தில் ஒன்று, முன் ஃபேனுக்குப் பின்னால் ஒன்று என்று திருகும் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் பல ‘3.5 அல்லது 2.5’ என்ற பொது இடங்கள். ஆகவே 3.5 அங்குல டிஸ்க் 4, எஸ்எஸ்டி 4 என்று இரண்டு வரி இருந்தால் மொத்தம் 8 என்று நினைக்க வேண்டாம். அதே நான்கு இடத்தை இரண்டு முறை எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

தகட்டுக்கு அடியில் இருக்கும் இடத்தையும் கணக்குப் போடுவோம். உள்நீளம் 400 மிமீ என்று எடுத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை 160. அதன் முகத்திலிருந்து வெளியே வரும் மாடுலர் கேபிள்கள் வளைய 60 வேண்டும், அதற்குக் குறைந்தால் கூண்டோடு அழுத்தும். டிஸ்க் குறுக்காகப் படுத்திருக்கும் கூண்டு சுமார் 130. ஆக 350 போய்விட்டது. மிச்சம் 50. முன்பக்க 360 ரேடியேட்டர் தகட்டுக்கு அடியிலும் இறங்கும், அது ஃபேனோடு கேட்பது 52. இப்போது ஏன் பல கையேடுகளில் ‘முன்னால் ரேடியேட்டர் மாட்டினால் டிஸ்க் கூண்டை எடுத்துவிடவும்’ என்று எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்திருக்கும். அப்படி எடுத்தால் உங்கள் நான்கு டிஸ்க்கில் இரண்டுக்கு வீடு இல்லை.

ஆகவே ரேடியேட்டரை முன்னால் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள் என்பேன். 360-ஐ மேல்பக்கம் மாட்ட இடமுள்ள ஏடிஎக்ஸ் கேபினெட்டாகப் பாருங்கள். மேலே மாட்டும்போது இடிப்பது கார்டு இல்லை, ராம். கூரைக்கும் மதர்போர்டின் மேல் ஓரத்துக்கும் நடுவே 55 மிமீயாவது இருந்தால் நிம்மதி. அதைவிடக் குறைவென்றால் உயரமான அலங்கார ராம் ஃபேனில் முட்டும், அப்போது ராமின் உயரத்தையும் அளக்க வேண்டியிருக்கும். அல்லது காற்றுக் கூலருக்கே போய்விடுங்கள். டிஸ்க்குகள் நிறைய உள்ள கணினியில் முன்பக்கத்தைக் குளிர்ந்த காற்றுக்கு விட்டுவைப்பது டிஸ்க்குக்கும் நல்லது. பெரும்பாலான 3.5 அங்குல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச வெப்பம் 60 டிகிரி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ரேடியேட்டரிலிருந்து வரும் சூடான காற்றை அவற்றின் மேல் விட்டால், கோடையில் 50-ஐத் தாண்டி நிற்கும். முன் ஃபேன் நேராக அடித்தால் 40-ஐச் சுற்றி இருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். நான்கு பழைய டிஸ்க்குகளும் 1, 2 டிபி அளவுதான் என்றால், ஒரே 8 டிபி டிஸ்க்கில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, பழையவற்றைக் காப்புப் பிரதியாகக் கணினிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். நான்கு டிஸ்க் சுற்றும் அதிர்வு குறையும், கேபினெட் தேர்வும் சட்டென்று விரிந்துவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை. அதிகக் கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் பக்கவாட்டின் நடுத் துளை இருக்காது. பழைய வகைத் தட்டின் ஊக்கு அந்தத் துளையைத்தான் பிடிக்கும் என்றால், டிஸ்க் அதில் நிற்காது. தட்டின் படத்தைப் பார்த்து, அடிப்பக்கத் துளைகளிலும் திருகலாமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கும் கட்டாயம் வேண்டும் என்றால், மதர்போர்டில் நான்கு சாட்டா போர்ட் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். இதைப் போர்டின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். அப்புறம் அந்தப் போர்ட்டுகள் எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதும் முக்கியம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் இவை கீழ்வலது மூலையில் இருப்பது வழக்கம். மேல்நோக்கி நிற்கும் போர்ட்டாக இருந்தால், உங்கள் மூன்று ஸ்லாட் கார்டின் உடல் சரியாக அதன் தலைக்கு மேல் வந்து நிற்கும். நேராகச் செருகும் கேபிள் அங்கே போகாது. தலை மடங்கிய கேபிள் வாங்கி, கார்டை மாட்டும் முன்பே செருகிவிட வேண்டும். போர்டின் ஓரத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் போர்ட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது மாற்றுக் கேபினெட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏடிஎக்ஸ் கேபினெட், கார்டுக்கு இரும்புச் சட்டம் வரை 400 மிமீ என்று சொல்கிறது. முன் ஃபேன் 25 போனால் 375. உங்கள் 336-ஐக் கழித்தால் 39 மிமீ மிச்சம். ரேடியேட்டர் மேலே. கீழ்க் கூண்டில் இரண்டு டிஸ்க். மீதி இரண்டுக்கு, தகட்டின் மேல் இருக்கும் இடங்களைப் பாருங்கள். கார்டுக்குக் கீழே உங்களுக்கு 8 செமீ வெற்றிடம் இருப்பதால், தகட்டின் மேல் படுக்கவைத்த 26 மிமீ டிஸ்க் கார்டின் ஃபேனை அடைக்காது. அதே தட்டுகள் முன்பக்கச் சுவரில், கார்டு நிற்கும் அதே உயரத்தில் வருகிற கேபினெட்டாக இருந்தால், அங்கே டிஸ்க் வைத்ததும் 400 என்பது 300-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆகவே எத்தனை டிஸ்க் என்ற எண்ணோடு, கார்டின் மட்டத்தில் எத்தனை என்பதையும் பாருங்கள். உங்களுக்குச் சரியான விடை, அந்த மட்டத்தில் பூஜ்ஜியம்.

கடைசியாக முன்பக்க போர்ட். கேபினெட்டில் டைப்-சி துளை இருப்பதாலேயே அது வேலை செய்துவிடாது. அதன் பின்னால் வரும் கேபிளுக்கு மதர்போர்டில் ஒரு தனி செருகுமிடம், அதாவது ஹெடர், வேண்டும். யுஎஸ்பி-ஏ போர்ட்டுகளுக்கான 19 பின் ஹெடர் அகலமாக, நீலம் அல்லது கறுப்புச் சட்டத்துக்குள் ஊசிகளோடு இருக்கும். டைப்-சிக்கான டைப்-ஈ ஹெடர் அதைவிடச் சின்னது, சுற்றிலும் உலோக உறையோடு, சற்றுப் பருத்த யுஎஸ்பி போர்ட் போலவே தெரியும். விலை குறைந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் பலவற்றில் 19 பின் ஒன்று மட்டும்தான் இருக்கும், டைப்-ஈ இருக்காது. அப்படியானால் அந்தக் கேபிள் உள்ளேயே தொங்கும், முன்னால் இருக்கும் துளை வெறும் துளை.

19 பின் ஹெடர் ஒன்றால் இரண்டு யுஎஸ்பி-ஏ போர்ட்டுகளுக்கு மட்டுமே உயிர் கொடுக்க முடியும். முன்னால் நான்கு யுஎஸ்பி-ஏ உள்ள கேபினெட்டுக்கு இரண்டு ஹெடர் வேண்டும். ஆகவே முன்பக்கப் போர்ட்டுகளை எண்ணும் அதே நேரத்தில் போர்டின் படத்தில் ஹெடர்களையும் எண்ணுங்கள். பட்டியலில் 20 ஜிபிபிஎஸ் டைப்-சி என்று கேபினெட் சொன்னாலும், போர்டின் ஹெடர் 10 தந்தால் கிடைப்பது 10 தான்.

போர்ட் எங்கே இருக்கிறது என்பதையும் நீங்கள் உட்காரும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கணினி மேசைக்கு அடியில் என்றால் கூரையின் முன் ஓரத்தில் இருக்கும் போர்ட் வசதி, குனியாமல் கை போகும், ஆனால் தூசி நேராக உள்ளே விழும், ரப்பர் மூடி போட்டுக்கொள்ளுங்கள். மேசை மேல் என்றால் முகப்பிலோ பக்கவாட்டின் கீழ்ப்பகுதியிலோ இருப்பது நல்லது. மைக்கும் ஹெட்ஃபோனும் தனித்தனி செருகியாக வைத்திருந்தால், ஒரே ஒரு கூட்டு ஆடியோ துளை உள்ள கேபினெட்டுக்குப் பிரிப்பான் கேபிள் வாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் போர்டில் டைப்-ஈ இல்லை என்று தெரிந்தால் இரண்டு வழி. 19 பின் ஹெடரிலிருந்து டைப்-ஈக்கு மாற்றும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. அது 5 ஜிபிபிஎஸ் வேகம்தான் தரும், அதோடு முன்பக்க யுஎஸ்பி-ஏ இரண்டுக்கும் ஹெடர் இல்லாமல் போகும். அல்லது டைப்-ஈ ஹெடர் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று வாங்கி மாட்டலாம். கிராபிக்ஸ் கார்டு முதல் ஸ்லாட்டில் தொடங்கினால் உங்கள் போர்டில் அதற்கு மிஞ்சுவது நான்காவது ஸ்லாட் மட்டும்தான், அது கார்டின் ஃபேனுக்கு நேர் எதிரே. நீங்கள் பார்த்து வைத்த சின்னக் கேபினெட்டில் அந்த 2 செமீயும் போய்விடும். ஏடிஎக்ஸ் கேபினெட்டில் அதற்கும் கீழே 6 செமீ மிஞ்சும், அதனால் முடிந்தவரை நீளம் குறைந்த கார்டாக வாங்கி அங்கே மாட்டலாம்.

எந்த வழியாக இருந்தாலும், போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் ஆடியோ, யுஎஸ்பி 2.0, பவர் பட்டன் ஹெடர்களின் கேபிள்களையும், சாட்டா கேபிள்களையும் கிராபிக்ஸ் கார்டை மாட்டும் முன்பே செருகி முடியுங்கள். கார்டு இறங்கிய பிறகு அந்த ஓரத்தில் விரல் போகாது. அவசரத்தில் குருட்டாம்போக்காகச் செருகினால் 19 பின் ஹெடரில் ஓர் ஊசி மடங்கிவிடும். மடங்கினால், சிறிய இடுக்கி முனையால் ஒரே ஒருமுறை மெதுவாக நிமிர்த்தலாம், இரண்டாம் முறை ஒடிந்துவிடும்.